பாட்டி கையில் போனைக் கொடுக்கும் முன்: கற்றல் செயலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டால், குழந்தையும் போனும் பாட்டியிடம்தான். இரண்டரை வயதுக்காரனுக்கு ‘ஏபிசி’ செயலி ஒன்றை இறக்கிக் கொடுக்கும்போது பெரும்பாலோர் கேட்பது, இலவசமா என்பதை மட்டும்தான்.

பிளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் Contains ads, In-app purchases என்று இருக்கும். அதைப் படிக்காமல் Install அழுத்துவதே முதல் தவறு. Teacher Approved முத்திரை இருந்தாலும் விளம்பரம் இருக்கலாம். இரண்டு எழுத்து முடிந்ததும் திரை முழுக்க விளம்பரம் வரும். மூடும் குறியோ மூலையில் கடுகளவு. சின்ன விரல் விளம்பரத்தின் நடுவில்தான் படும், அது வேறொரு செயலியின் பக்கத்தைத் திறந்துவிடும்.

டேட்டாவை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பாதி உண்மை. முன்பே இறங்கிவிட்ட விளம்பரங்கள் இணையம் இல்லாமலும் வரக்கூடும். விளம்பரமே இல்லாததைத் தேடுவதுதான் சரி. Khan Academy Kids முழுக்க இலவசம், விளம்பரமோ கட்டணமோ கிடையாது, 2 முதல் 8 வயதுக்கானது. தமிழ் அதில் இல்லை. ‘ஆப்பிள்’ என்று அது சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் தமிழிலும் பேசினால்தான் குறை தீரும்.

நல்ல செயலியிலிருந்தும் குழந்தை வெளியே வந்துவிடும். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் pin என்று தேடினால் App pinning, அல்லது அதைப் போன்ற பெயரில், ஒரே செயலியில் திரையை நிறுத்திவைக்கும் வசதி வரும். அதை இயக்கி, விடுவிக்க PIN எண் கேட்கும்படி வையுங்கள். பிறகு செயலியைத் திறந்து, அண்மைச் செயலிகள் பட்டியலில் அதன் சின்னத்தைத் தொட்டு Pin கொடுங்கள். பாட்டிக்கும் அந்த எண் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவசரத்துக்கு யாரையும் அழைக்க முடியாமல் தவிப்பார். இ-வாலட்டோ பிரிபெய்ட் கணக்கோ பிளே ஸ்டோருடன் இணைந்திருந்தால், ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிடுங்கள்.

இனி, கற்றுத்தருகிறதா என்பது. கைதட்டலும் பலூனும் வந்தால் பாடம் நடக்கிறது என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று. நீங்களே பத்து நிமிடம் விளையாடுங்கள். ‘பூனை எது?’ என்று கேட்கும்போது வேண்டுமென்றே நாயைத் தொடுங்கள். அதற்கும் பலூன் பறந்தால், குழந்தை கற்பது திரையைத் தட்டுவதை மட்டுமே. தவறைக் காட்டி, சரியானதைச் சொல்லி, மறுபடி கேட்டால் வைத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துச் செயலி என்றால் இன்னும் இரண்டு சோதனை: ‘அ’வைக் கடைசிக் கோட்டிலிருந்து தலைகீழாக எழுதிப் பாருங்கள், ஏற்றுக்கொண்டால் எழுதும் முறை பதியாது. ல, ள, ழ மூன்றையும் அடுத்தடுத்து ஒலிக்க விடுங்கள். இயந்திரக் குரலில் மூன்றும் ஒன்றாகக் கேட்டால் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள்.

எவ்வளவு நல்ல செயலியானாலும், 2 முதல் 4 வயதுவரை திரை நேரம் நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. தொலைக்காட்சியும் அந்தக் கணக்கில்தான் சேரும்.