நீளும் மின்னஞ்சல் தொடர்: தலைப்பை எப்போது மாற்றுவது?

திருகோணமலையில் எங்கள் குடும்ப ஒன்றுகூடலுக்காக “ஓகஸ்ட் ஒன்றுகூடல்: மண்டபம்” என்று ஒரு மின்னஞ்சல் தொடங்கினேன். பத்தாவது மடலில் மாமா, “புறாத்தீவுக்குப் படகில் போவோமா?” என்று கேட்டார். அதன்பின் எல்லாரும் படகைப் பற்றியே எழுதினார்கள். மண்டபக்காரர் கேட்ட முற்பணத்தைப் பற்றி அக்கா எழுதியது அதற்குள் புதைந்துபோனது. மண்டபம் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது.

மாமாவின் கேள்விக்காக உடனே தலைப்பை மாற்ற வேண்டியதில்லை. ஒரே பதிலில் முடிகிற கேள்வி அதே தொடரில் இருக்கட்டும். அதே விஷயத்துக்கு இரண்டாவது பதில் வந்ததும் இப்படிப் பாருங்கள்: தலைப்பை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு இந்த மடல் எதைப் பற்றியது என்று தெரியுமா? பழைய கேள்வி இன்னும் முடியவில்லையா? முதல் கேள்விக்கு ‘தெரியாது’, இரண்டாவதற்கு ‘முடியவில்லை’ என்றால் பிரித்துவிடுங்கள். மண்டபம் ஏற்கெனவே உறுதியாகியிருந்தால் அவ்வளவு அவசரமில்லை. ஆனாலும் பிறகு தேடும்போது சிரமப்படுவீர்கள்.

சரி, எப்படிப் பிரிப்பது? கணினியில் ஜிமெயில் திறந்து, படகைப் பற்றிய கடைசி மடலுக்குப் பதில் எழுதத் தொடங்குங்கள். பெறுநர் பெயருக்கு இடப்பக்கம் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தி `Edit subject` என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பழைய தலைப்பை அழித்துவிட்டு இப்படி எழுதுங்கள்:

```
புறாத்தீவு படகு: யார் யார் வருகிறீர்கள்? (முன்னர்: மண்டபம்)
```

அடைப்புக்குள் பழைய பெயர் இருப்பதால், நடுவில் வந்து பார்ப்பவர்களுக்கும் இது எங்கிருந்து கிளைத்தது என்று விளங்கும். இரண்டு மூன்று பதில்களுக்குப் பிறகு அதை எடுத்துவிடலாம். கீழே தொங்கும் பழைய மடல்களில் மாமாவின் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழியுங்கள். பெறுநர் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள், யாராவது விடுபட்டிருக்கலாம். முந்தைய மடலில் இணைத்த கோப்புகள் பதிலோடு வராது. தேவையென்றால் மீண்டும் இணையுங்கள்.

தலைப்பு மாறியதும் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகக் காட்டும். எல்லாச் செயலிகளும் அப்படியில்லை. ஒவ்வொரு பதிலிலும் `In-Reply-To`, `References` என்ற கண்ணுக்குத் தெரியாத குறிப்புகள் இருக்கின்றன. தண்டர்பேர்ட் போன்றவை அவற்றை வைத்துத்தான் மடல்களைக் கோர்க்கின்றன. ஆகவே தலைப்பை மாற்றினாலும் அங்கே பழைய தொடரின் கீழேயே நிற்கும். பழையதோடு சம்பந்தமே இல்லாத விஷயம் என்றால், பதிலை விட்டுவிட்டுப் புதிய மடலே எழுதுங்கள்.

இனி, பலரும் மறக்கும் வேலை. பழைய தொடரிலும் ஒரு வரி போடுங்கள்: “படகு விஷயம் தனி மடலில். இங்கே முற்பணம் மட்டும்.” இதை எழுதாவிட்டால் சிலர் பழைய மடலுக்கே பதில் அனுப்புவார்கள். ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் பதில் வருகிறதென்றால் அதுதான் நடந்திருக்கிறது. அப்போது திரும்பவும் தலைப்பை மாற்றாதீர்கள். பழைய தொடரில் வந்த பதிலைப் பிரதியெடுத்துப் புதியதில் ஒட்டி, “சித்தி இப்படிச் சொல்கிறார்” என்று எழுதிவிடுங்கள்.