நாலு பேர், ஒரு கார், ஒரு டீக்கடை

மேடவாக்கத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு நாலு பேர் ஒரே காரில் போக ஆரம்பித்தோம். முதல் வாரமே கசந்தது. ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் ஏற்றியதில் ஊருக்குள்ளேயே அரை மணி நேரம் போனது.

அப்புறம் சோழிங்கநல்லூர் சாலையில் ஒரு டீக்கடையை ஏறுமிடமாக வைத்தோம். 7.40க்கு வண்டி வரும், மூன்று நிமிடம் நிற்கும், கிளம்பிவிடும். ஒருநாள் தாமதமாக வந்த நண்பரை விட்டுவிட்டுப் போனதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் அதன்பிறகு யாரும் தாமதிக்கவில்லை.

போக 20 கிலோமீட்டர், நெரிசலில் ஒன்றரை லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 150 ரூபாய். தலைக்கு சுமார் 38. கார்க்காரரும் தன் பங்கைப் போடுவார், லாபம் வைக்கமாட்டார். வெள்ளை நம்பர் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டக்கூடாது. விபத்தானால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

மாலையில் வேலை முடியும் நேரம் ஒத்துவரவில்லை. திரும்புவதற்கு மட்டும் இன்னும் பஸ்தான்.