வேலிக்கு வெளியே நின்றால் வெட்டிவிடலாமா? பெட்டி வரைபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை ஒரு பெடியன் நெல் விளைச்சல் பற்றிய தன் செயற்திட்ட அறிக்கையோடு வீட்டுக்கு வந்தான். “அண்ணை, வெளியில நிண்ட ரெண்டு புள்ளியையும் தூக்கிட்டன், இப்ப வரைபு வடிவா இருக்கு” என்றான். எனக்குச் சுருக்கென்றது. அதே வேலையைச் செய்து காசு கொட்டியவன் நான்.

நடுக்கோடு சராசரி அல்ல

பெட்டிக்குள் போகும் கோடு இடையம், அதாவது எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது. அவ்வளவுதான்.

வெளியே நிற்பதெல்லாம் பிழை என்று வெட்டுவது

துணுக்காய்ப் பக்கம் ஒரு காலபோகத்தில் 12 வயல்களின் விளைச்சலைக் கொப்பியில் குறித்திருந்தேன். ஏக்கருக்கு இத்தனை மூடை என்ற கணக்கு. சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் இப்படி வரும்:

11, 13, 14, 14, 15, 16, 16, 17, 18, 22, 31, 33

இடையம் 16. கீழ்ப்பாதி ஆறின் நடு 14, அது முதலாம் காலணை. மேல்பாதி ஆறின் நடு 20, அது மூன்றாம் காலணை. இந்த இரண்டு காலணைக்கும் நடுவில்தான் பெட்டி வரைவது. இரண்டுக்கும் இடைவெளி 6, அதுதான் காலணை இடைவீச்சு. அதன் ஒன்றரை மடங்கு 9. கீழே 14 − 9 = 5, மேலே 20 + 9 = 29. இவை இரண்டும் வேலிகள். 31, 33 இரண்டும் வேலிக்கு வெளியே நிற்கின்றன.

சரி, தூக்கினேன். மிச்சம் பத்துக்கும் வரைபை மறுபடி போட்டேன். இப்போது காலணைகள் 14, 17, இடைவீச்சு 3, மேல்வேலி 21.5. முதலில் நல்ல பிள்ளையாக உள்ளே இருந்த 22 இப்போது வெளியே வந்துவிட்டது! அதையும் தூக்கினேன். அதற்குப் பிறகு ஒன்றும் வெளியே வரவில்லை, எனக்கு நல்ல திருப்தி. உண்மையில் ஒவ்வொரு தரமும் பெரியதை எடுக்க எடுக்கப் பெட்டி ஒடுங்கும், வேலியும் கிட்ட வரும். அதனால் விதியைத் திரும்பத் திரும்ப ஓட்டக் கூடாது.

சராசரி 18.3 மூடையிலிருந்து 14.9 ஆக இறங்கியது. அந்தக் கணக்கை வைத்துத்தான் 200 ஏக்கருக்குச் சாக்கு எடுத்தேன். கிட்டத்தட்ட 700 சாக்கு குறைந்தது. களத்தில் நெல் குவிந்து கிடக்க, வானமும் மூட்டமாக இருக்க, கேட்ட விலைக்குச் சாக்கு வாங்கினேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வரும்.

பிறகு போய்ப் பார்த்தால், 31, 33 இரண்டும் குளத்து வாய்க்காலின் தலைமாட்டு வயல்கள். கதிர் வரும் நேரத்தில் அவற்றுக்கு மட்டும் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. மற்ற வயல்கள் எல்லாம் மானாவாரி. 22 பள்ளக்காணி, ஈரம் நின்ற இடம். ஒன்றும் பிழையில்லை. இரண்டு வகை வயலை ஒரே பெட்டியில் அடைத்ததுதான் என் பிழை.

வேலி ‘இதைப் போய்ப் பார்’ என்றுதான் சொல்கிறது, ‘வெட்டு’ என்று சொல்வதில்லை. முதலில் கொப்பியைத் திறந்து எழுத்துப் பிழையா என்று பாருங்கள். 13ஐ 31 என்று மாற்றி எழுதியிருக்கலாம், மூடைக்குப் பதில் புசலில் குறித்திருக்கலாம். அப்படியானால் திருத்துங்கள், திருத்த வழியில்லாவிட்டால் காரணத்தை எழுதிவிட்டு நீக்குங்கள். எழுத்துச் சரியென்றால் வயலுக்குப் போய் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். ஒன்றரை மடங்கு என்ற அளவை வைத்த புள்ளிவிபரவியலாளர் ஜோன் டூக்கியின் விதிப்படி, மணி வடிவப் பரவலில் பிழையே இல்லாத தரவிலும் ஆயிரத்துக்கு ஏழு புள்ளிகள் வரை வெளியே நிற்கும். மழைவீழ்ச்சி போல ஒரு பக்கம் நீண்ட வால் உள்ள தரவில் இன்னும் கூட.

மீசையை வேலி என்று நினைப்பது

பெட்டியின் இரு பக்கமும் நீளும் கோடுகள்தான் மீசை. மேல் மீசை 29இல் முடியாது. வேலிக்கு உள்ளே நிற்கும் கடைசி உண்மையான வயல் வரை, அதாவது 22 வரை மட்டும்தான் போகும். கீழ் மீசையும் 5க்குப் போகாமல் 11இல் நிற்கும். 29 மூடை விளைந்த வயல் ஒன்றும் என் கொப்பியில் இல்லையே.

எந்த முறையில் காலணை எடுத்தீர்கள் என்று எழுதாமல் விடுவது

இது பலருக்குத் தெரியாது. இதே 12 எண்களை Excelஇல் போட்டு `QUARTILE.INC` கேட்டால் மூன்றாம் காலணை 19, மேல்வேலி 26.5. `QUARTILE.EXC` கேட்டால் காலணை 21, முதலாம் காலணை 14தான், ஆனால் மேல்வேலி 31.5. இப்போது 31 உள்ளே வந்துவிடும், 33 மட்டும் வெளியே. வயல் அதேதான், விளைச்சலும் அதேதான். தரவு குறைவாக இருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

இரண்டு வயலுக்குப் பெட்டி

அந்தப் பெடியனிடம் பாசன வயலையும் மானாவாரியையும் பிரிக்கச் சொன்னேன். பிரித்துவிட்டு, இரண்டே இரண்டு பாசன வயலுக்கும் ஒரு பெட்டி வரைந்துகொண்டு வந்து நின்றான். புள்ளியாகவே வை என்று திருப்பி அனுப்பினேன்.