குறிப்புக் கட்டத்தில் கதை எழுதிய கதை

வளைகுடாவுக்கு ஓட்டுநராகப் போகும் ஒருவருக்கு உடற்தகுதிச் சான்று எழுதினேன். படியேறி வந்தவுடன் ரத்த அழுத்தம் 150/94. "பயணப் பதற்றம் போலும், அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, நல்ல உழைப்பாளி" என்று படிவத்தின் குறிப்புக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். படிவம் திரும்பி வந்தது. சரி, கேட்காததை ஏன் எழுதினேன்?

மறுநாள் அவரை ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காரவைத்து, இடைவெளி விட்டு இருமுறை அளந்தேன்: 128/82, 126/80. இரண்டு நாள் அளவுகளையும் தேதியோடு எழுதினேன். பார்வை கண்ணாடியோடு 6/6, இல்லாமல் 6/12, நிறப்பார்வை இயல்பு. அப்பாவின் சர்க்கரையும் என் பாராட்டும் போயின. முடிவு ஒரே வரி: "பரிசோதித்த தேதியில், கண்ணாடி அணிந்து ஓட்டுநர் பணிக்குத் தகுதி." இம்முறை திரும்பவில்லை.