'நீங்கள்' என்று சொல்லிவைத்தால் மட்டும் போதாது

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தமிழில் பதில் பெறுபவர்கள் பலர், "என்னை நீங்கள் என்று அழைக்கவும்" என ஒரு வரி எழுதியதும் மரியாதை குறித்த சிக்கல் தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். தமிழ் வாக்கியத்தில் எழுவாய் பெரும்பாலும் தொக்கியே நிற்பதால், நீ, நீங்கள் என்ற சொற்கள் ஓரிடத்திலும் வராத பதிலிலும் வினையின் விகுதியே ஒருமையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விண்ணப்பக் கடிதம் ஒன்று கேட்டவருக்கு இப்படிப் பதில் வருவதாகக் கொள்வோம்: "உங்கள் பெயரை மேலே சேர்த்திருக்கிறேன். முகவரியைச் சரிபார்க்கவும். வேறு மாற்றம் வேண்டுமென்றால் சொல். கையொப்பமிட மறக்காதே." முதல் வாக்கியம் சரி. 'சரிபார்க்கவும்' எவருக்கும் பொருந்தும். ஆனால் பதில் முழுவதும் இதே வடிவில் அமைந்தால் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் இருக்கும். பிழை இருப்பது கடைசி இரண்டு வாக்கியங்களில்; அவை 'சொல்லுங்கள்', 'மறக்காதீர்கள்' என்று முடிந்திருக்க வேண்டும். ஆகவே, பதிலைச் சரிபார்க்கும்போது 'நீ' என்ற சொல்லைத் தேடுவதைவிட, ஏவல் வினைகளையும், 'விரும்புகிறாயா' போன்ற கேள்விகளையும், 'உனக்கு', 'உன்னால்' போன்ற வேற்றுமை வடிவங்களையும் பார்ப்பதே பயன் தரும்.

'முறையான தமிழில் எழுது' என்று கேட்டுவிட்டு மரியாதையை எதிர்பார்ப்பது இன்னொரு தவறு. நடை வேறு, மரியாதை வேறு. 'நீ அறிவாய்' என்பது தூய எழுத்துநடை, ஆனால் ஒருமை. 'பார்த்துட்டு சொல்லுங்க' என்பது பேச்சுநடை, ஆனால் மரியாதைப் பன்மை. இரண்டிலும் எது வேண்டும் என்பதைத் தனித்தனியாகச் சொன்னால்தான் கடினமான சொற்கள் நிறைந்த ஒருமைப் பதில்களிலிருந்து தப்பலாம்.

நாம் செயலியிடம் 'சொல்லு', 'எழுது' என்று ஒருமையில் கேட்கிறோம் என்பதற்காக அதுவும் நம்மை ஒருமையில் விளிக்க வேண்டியதில்லை. தமிழில் இருவர் பேசும்போது விளிவடிவம் இருபுறமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. அதையும் செயலிக்குத் தரும் குறிப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

இந்த விருப்பத்தை ஓர் உரையாடலின் நடுவில் சொன்னால், அடுத்த உரையாடலுக்கு அது பெரும்பாலும் போய்ச் சேராது. எல்லா உரையாடல்களுக்கும் பொருந்தும் நிலையான குறிப்புகளுக்கென்று செயலியின் அமைப்புகளில் இடம் இருந்தால், அங்கே ஒருமுறை எழுதிவைப்பதே சரி:

"என்னை விளிக்கும்போது மரியாதைப் பன்மையையே பயன்படுத்தவும்: நீங்கள், உங்கள், சொல்லுங்கள், மறக்காதீர்கள், விரும்புகிறீர்களா. நான் ஒருமையில் கேட்டாலும் இதை மாற்ற வேண்டாம். நான் பிறருக்காக எழுதச் சொல்லும் கடிதங்களுக்கும் உரையாடல்களுக்கும் இது பொருந்தாது."

நட்பான ஒருமையை விரும்புபவர் இதே குறிப்பில் 'மரியாதைப் பன்மையையே' என்பதை 'ஒருமையையே' என்றும், சொற்களை நீ, உன், சொல், மறக்காதே, விரும்புகிறாயா என்றும் மாற்றிக்கொண்டு, இரண்டாம் வாக்கியத்தை விட்டுவிடலாம். கடைசி வாக்கியத்தை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. அது இல்லையென்றால், ஐந்து வயதுத் தங்கைக்கு எழுதச் சொன்ன பிறந்தநாள் வாழ்த்திலும் 'நீங்கள்' வந்து நிற்கக்கூடும்.