கனடாவில் முதல் வேலை: பழைய துறையா, பழைய வேலையா?

ஒன்டாரியோவில் படிப்பை முடித்து, வேலை அனுமதியோடு நிற்கும் தம்பி தங்கைகளுக்கு இது. சின் எண், வங்கிக் கணக்கு, வாடகை வீடு எல்லாம் எப்படியும் முடிந்துவிடும். முதல் வேலையை எதை வைத்து எடுப்பது என்பதில்தான் நம் ஆட்கள் அடிவாங்குகிறார்கள்.

என் நண்பன் ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். இங்கே டிப்ளமோ முடித்ததும் இரண்டு வேலை வந்தது. ஒன்று பிஸ்கட் தொழிற்சாலையில் குவாலிட்டி டெக்னீஷியன், இன்னொன்று உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்பிங் பிரிவு. ஆட்டோமொபைல்தான் நம்ம லைன், உள்ளே போய்விட்டால் மேனேஜர் பார்த்து குவாலிட்டிக்கு மாற்றிவிடுவார் என்று ஊர்க் கணக்குப் போட்டு இரண்டாவதை எடுத்தான். குவாலிட்டியில் இடம் காலியானபோது வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள், அவர் ஏற்கெனவே இங்கே அதே வேலை பார்த்தவர். இவன் நாளெல்லாம் பேலட்டில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான்.

அதைவிடப் பெரிய அடி பி.ஆர். விஷயத்தில். கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க 1,560 மணிநேர வேலை அனுபவம் வேண்டும், அதுவும் டியர் எனப்படும் வேலைத் தகுதி நிலையில் 0 முதல் 3 வரையிலான வேலைகளில் மட்டும். எந்தத் துறை என்று அங்கே யாரும் கேட்பதில்லை, என்ன செய்தாய் என்றுதான் பார்க்கிறார்கள். கனடா அரசின் வேலை வகைப்பாடான NOC-யில் ஷிப்பிங் ரிசீவிங் வேலையின் எண் 14400. அதில் இரண்டாவது இலக்கம்தான் டியர், 4. ஒரு வருஷ உழைப்பு அந்தக் கணக்கிலேயே சேரவில்லை, படிப்புக்குப் பின் கிடைக்கும் வேலை அனுமதியோ ஒருமுறைதான். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பிஸ்கட் வேலையில் அவனுக்குப் புதிதாக இருந்திருக்கக்கூடியது என்ன? உணவுப் பாதுகாப்புக்கான ஹாசாப் விதிகள், அலர்ஜி தரும் பொருட்களைத் தனியே வைப்பது, மெட்டல் டிடெக்டர் சோதனை. இவற்றை வேலையிலேயே கற்றுக்கொடுப்பார்கள். பாக்கெட் எடை மெல்ல ஏறும்போது கன்ட்ரோல் சார்ட்டில் அதைப் பிடிப்பதும், மூலகாரணம் தேடி மறுபடி வராமல் அடைப்பதும் பிரேக் பேடில் செய்த அதே வேலைதான். அதைச் சில வாரத்தில் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது.

அதற்காகத் துறை அறிவுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. விற்பனை, பர்ச்சேஸ் மாதிரி வேலைகளில் யார் வாங்குவார், யார் என்ன விலைக்குத் தருவார் என்பதுதான் முதலீடு, அங்கே துறைதான் முன்னால் நிற்கும். ஆனால் அந்த ஆட்களெல்லாம் சென்னையில் இருக்கிறார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் NOC தளத்தில் அந்த வேலையின் கடமைகளைப் படியுங்கள். பதவிப் பெயரை நம்பாதீர்கள், குவாலிட்டி என்று பெயர் வைத்துப் பெட்டி கட்டவிடும் இடங்களும் உண்டு. யாருக்கு ரிப்போர்ட் செய்வேன் என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். வேர்ஹவுஸ் சூப்பர்வைசர் என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளலாம். அப்புறம், வேலையை விடும்போது கடமைகள், வாராந்திர மணிநேரம், சம்பளம் மூன்றும் எழுதிய கடிதத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள்.