ப்ளியே என்றால் மடித்தது, தாந்த்யூ என்றால் இழுத்துக் கட்டியது: பாலே பழக ஆரம்பிப்பவர்களுக்கு

பாலே வகுப்பில் முதல் நாள் எல்லாருக்கும் ஒரே கதைதான். ஆசிரியர் வரிசையாகப் பிரெஞ்சுச் சொற்களைச் சொல்லிக்கொண்டே போவார், நாம் பக்கத்தில் நிற்பவரின் காலைப் பார்த்து காப்பி அடிப்போம். பிரான்சில் பதினான்காம் லூயி 1661-இல் நடனத்துக்கென்று ஓர் அகாதமி தொடங்கிய காலத்திலிருந்து பாலேயின் மொழி பிரெஞ்சுதான், ரஷ்யாவுக்குப் போனாலும் அமெரிக்காவுக்குப் போனாலும் அது மாறவில்லை. ஆனால் ஒரு பிரெஞ்சுக் குழந்தைக்கு இவை கலைச்சொற்களே இல்லை. ப்ளியே என்பது போர்வையை மடிக்கிறோமே, அந்த 'மடித்த'. தாந்த்யூ என்பது கயிற்றை விறைப்பாக இழுத்தால் வருகிற 'இழுத்த'. காலைப் பற்றித்தான் பேச்சு, மடித்த கால், இழுத்த கால், அவ்வளவுதான். அந்தப் படம் மனதில் இருந்தால் எங்கே தப்பு செய்கிறோம் என்பது ஆசிரியர் சொல்லும் முன்பே தெரிந்துவிடும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், நகராத ஒரு கனமான நாற்காலியின் முதுகு போதும், கையை அதன் மேல் வையுங்கள், பிடித்துத் தொங்காதீர்கள்.

நிற்பது முதல் நிலையில்: குதிகால்கள் ஒட்டி, விரல்கள் வெளியே பார்த்து. படத்தில் பார்ப்பது போல ஒரே நேர்கோடாகத் திருப்ப வேண்டாம், கடிகாரத்தில் பத்தும் இரண்டும் காட்டுகிற அளவு போதும். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் திருகி வைத்தால் முழங்கால்தான் அடி வாங்கும்.

ப்ளியே

இப்போது மடியுங்கள். முதலில் அரை மடிப்பு மட்டும், அதாவது தெமி ப்ளியே. நான்கு எண்ணிக்கையில் இறங்கி, நான்கு எண்ணிக்கையில் ஏற வேண்டும். மடிப்பு முழங்காலில் மட்டும் இல்லை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே நேரத்தில் மடிகின்றன, முதுகு மட்டும் மடிவதில்லை. எவ்வளவு ஆழம் என்பதைக் கணுக்கால்தான் தீர்மானிக்கும்: குதிகால் தரையை விட்டு எழும்பப் பார்க்கிற இடம் வந்துவிட்டால் உங்கள் மடிப்பு அங்கே முடிந்தது, பக்கத்து ஆள் இன்னும் இரண்டு அங்குலம் இறங்கினால் அது அவர் கணுக்கால்.

போர்வையைக் கோணலாக மடித்தால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேராது இல்லையா, காலும் அப்படித்தான். முழங்கால் போகிற திசையும் விரல்கள் பார்க்கிற திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: ஒரு நூலில் சாவியைக் கட்டி, இறங்கிய நிலையில் முழங்கால் சில்லின் நடுவில் நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சாவி இரண்டாவது விரலுக்கு நேராக வந்தால் சரி. பெருவிரலுக்கும் உள்ளே தள்ளி விழுந்தால் முழங்கால் உள்ளே சாய்கிறது, பாதத்தை அளவுக்கு மீறித் திருப்பி வைத்திருக்கிறீர்கள், குறைத்துக்கொண்டு மறுபடி இறங்குங்கள்.

பரதம் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அரைமண்டி மாதிரியே இருக்கிறதே என்று கீழே போய் உட்கார்ந்துவிடுவார்கள். அரைமண்டி பிடித்து நிற்கிற நிலை, ப்ளியேவில் அப்படி நிற்கக் கூடாது, கீழே தொட்டதும் விரிய ஆரம்பித்துவிட வேண்டும். குதிப்பதற்கும் குதித்து இறங்குவதற்கும் வேண்டிய வில்லே இந்த மடிப்புதான், கீழே போய் உறைந்துவிட்டால் அந்த விசை செத்துவிடும்.

தாந்த்யூ

இதில் நானே மாட்டியிருக்கிறேன். பிரெஞ்சில் 'தாந்த்ர்' என்ற சொல்லுக்கு மென்மையானது என்றும் பொருள் உண்டு, அகராதியில் அதைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் காலை ரொம்ப மென்மையாக, பூனை நடை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் ஒரு நாள் துப்பட்டாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்து மறுமுனையைப் பிடித்து இழுத்தார். இதுதான் தாந்த்யூ, என்றார். 'இழு' என்ற பொருளுள்ள வேறு 'தாந்த்ர்' அது.

துணி காயப்போடுகிற கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். கொடி விறைப்பாக நிற்க இரண்டு கம்பம் வேண்டும். ஒரு கம்பம் உங்கள் இடுப்பும் ஊன்றிய காலும், மறு கம்பம் கால்விரல் நுனி. இழுக்கும்போது முதல் கம்பமும் கூடவே சாய்ந்தால் கொடி தொய்ந்துவிடும். அதனால் முதல் நிலையிலிருந்து வலது காலைப் பக்கவாட்டில் நகர்த்தும் முன் எடை முழுவதையும் இடது காலுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் முழுப் பாதமும் தரையை அழுத்தித் தேய்த்தபடி போகட்டும். குதிகால் எழும்பும், அடுத்து விரல்களின் அடிப்பகுதி எழும்பும், கடைசியில் விரல் நுனி மட்டும் தரையில் இருக்கும். நுனி தரையை விட்டு எழும்பவே கூடாது, எழும்பினால் அது வேறு அசைவு, அதற்கு தெகாஜே என்று வேறு பெயர். திரும்பி வரும்போது அதே பாதை தலைகீழாக.

சாக்ஸ் போட்டுக்கொண்டு செய்தால் தரையில் 'சர்' என்று சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் காலைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். இன்னொரு சோதனை, கால் வெளியே இருக்கும்போது நுனியை ஒரு அரை அங்குலம் தூக்கிப் பாருங்கள், உடம்பு ஆடினால் எடையில் பாதி அந்தக் காலுடனே போயிருக்கிறது. உள்ளங்காலில் சுளுக்கு மாதிரி பிடித்தால் விரல்களை நீட்டாமல் சுருட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சுருட்டிய கயிறு எப்படி விறைக்கும்?

ஃபோந்த்யூ

இது 'உருகிய'. ரொட்டியைத் தோய்த்துத் தின்கிற அந்த உருக்கிய சீஸ் பண்டத்துக்கும் இதே குடும்பத்துப் பெயர்தான். ஊன்றிய கால் மடியும்போதே மற்றக் கால் மடிந்து வந்து அதன் கணுக்காலைத் தொடும், அப்புறம் இரண்டும் ஒரே வேகத்தில் நிமிர்ந்து, அந்தக் கால் வெளியே நீளும். வெண்ணெய் உருகும்போது ஒரு பக்கம் மட்டும் கட்டியாக இருந்தால் என்ன, அதுதான் இங்கே நடக்கிற தப்பு: நீளுகிற கால் அவசரப்பட்டு முதலில் நேராகிவிடும், ஊன்றிய கால் இன்னும் மடிந்தே கிடக்கும். பாதி வழியில் சட்டென்று நின்று கண்ணாடியைப் பாருங்கள், இரண்டு முழங்காலும் ஏறக்குறைய சம அளவு மடிந்திருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே இதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து, மடிப்பும் இழுப்பும் கைவந்தபின் இது தானாக வரும்.

ப்ளியேவையும் தாந்த்யூவையும் சேர்த்து

நான்கு எண்ணிக்கை. ஒன்றில் காலை முன்னால் இழுங்கள். இரண்டில் அப்படியே நிறுத்துங்கள். மூன்றில் தேய்த்தபடி உள்ளே கொண்டுவந்து, குதிகால் சேரும்போதே இரண்டு காலையும் மடியுங்கள். நான்கில் நிமிருங்கள். இதையே முன், பக்கம், பின், மறுபடி பக்கம் என்று செய்தால் 16 எண்ணிக்கை. இந்தச் சுற்றுக்கு 'ஆன் க்ருவா' என்று பெயர், சிலுவை வடிவில் என்று பொருள், தரையில் உங்கள் கால் கோடு போட்டிருந்தால் தெரியும். முடிந்ததும் திரும்பி நின்று மற்றக் காலுக்கு.

தடுமாறுகிற இடம் எப்போதும் மூன்றாவது எண்ணிக்கைதான். கால் வந்து சேர்ந்தபின் தனியாக மடித்தால் இரண்டு துண்டாகத் தெரியும், முன்கூட்டியே மடித்தால் வருகிற காலின் முழங்கால் மடங்கி, தரையில் 'சர்' சத்தம் பாதியில் நின்றுவிடும். எனக்கு அந்தச் சத்தம் குதிகால் வரை அறுபடாமல் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, பின்பக்கம் இப்போதும் சில நாள் அறுபடுகிறது.